வாழையடி வாழையும் வீட்டுப் பிள்ளைகளும்

கல்யாண வீட்டில் மணமக்களை ஆசீர்வதிக்கும் பெரியவர்கள் "வாழையடி வாழையா வாழணும்" என்பார்கள். வாசலில் குலையோடு கட்டியிருக்கும் வாழை மரமும் அதையேதான் சொல்கிறது. தாய் மரம் குலை தள்ளி ஓய்வதற்குள் அதன் அடியில் கன்று எழுந்து நிற்கும். அந்தக் கன்றின் அடியில் இன்னொன்று. வம்சம் அறுபடுவதே இல்லை.

எனக்கு மிகவும் பிடித்த வாழ்த்து அது. ஆனாலும் ஒவ்வொரு முறை கேட்கும்போதும் ஒரு விஷயம் மனதில் ஓடும். வாழைக்கு வம்சம் தொடரும் வழி வேறு, நமக்கு வேறு. கொல்லையில் நிற்கும் பூவன் வாழையின் கன்றை எடுத்து எங்கே நட்டாலும் அதே பூவன்தான் வரும். அதே இலை, அதே காய், அதே புளிப்பு கலந்த இனிப்பு. வீட்டுக்குள் பாருங்கள். ஒரே அப்பா, ஒரே அம்மா. ஆனால் மூத்தவளுக்குச் சுருட்டை முடி, இளையவனுக்குக் கோரை முடி. ஒருவருக்கு ஏ வகை இரத்தம், இன்னொருவருக்கு ஓ. கன்று தாயின் நகலாக இருக்கிறது. பிள்ளைகள் யாருக்கும் நகலாக இல்லை. இந்த இரண்டுக்கும் உள்ள வேறுபாடு, செல் பிரியும் இரண்டு முறைகளுக்கு இடையே உள்ள வேறுபாடுதான். ஒன்றின் பெயர் மைட்டாசிஸ், மற்றதின் பெயர் மியாசிஸ்.

முதலில் வாழை. மண்ணுக்குள் இருக்கும் கிழங்கின் பக்கத்தில் ஒரு மொட்டு விழிக்கிறது. அதன் செல்கள் பிரிந்து பிரிந்து கன்றாகின்றன. பூவனின் ஒவ்வொரு செல்லிலும் 33 குரோமோசோம்கள் உண்டு. பரம்பரைச் செய்திகள் எழுதப்பட்ட டி.என்.ஏ. நூல் சுருண்டு கிடக்கும் கட்டுகள் என்று குரோமோசோமைச் சொல்லலாம். செல் பிரிவதற்கு முன்பு அந்த நூல் முழுவதையும் ஒருமுறை பிரதி எடுத்துக்கொள்கிறது. அதனால் ஒவ்வொரு குரோமோசோமும் ஓரிடத்தில் ஒட்டிய இரண்டு பட்டைகளாக ஆகிவிடுகிறது. பிறகு 33 குரோமோசோம்களும் செல்லின் நடுவில் ஒற்றை வரிசையில் வந்து நிற்கின்றன. இரு முனைகளிலிருந்தும் கதிர்கோல் இழைகள் நீண்டு வந்து, ஒவ்வொன்றின் இரு பட்டைகளையும் பிரித்து, பக்கத்துக்கு ஒன்றாக இழுத்துக்கொள்கின்றன. இந்தப் பக்கம் 33, அந்தப் பக்கமும் 33. எழுத்து மாறாத இரண்டு பிரதிகள்.

இதுதான் மைட்டாசிஸ். 1882-இல் இதை விரிவாக எழுதியவர் ஜெர்மானியரான வால்டர் ஃபிளெமிங். சாலமாண்டர் என்ற பல்லி போன்ற நீர்நில உயிரியின் செல்கள் பெரியவை என்பதால், சாயம் ஏற்றிய குரோமோசோம்கள் நூல் நூலாக நகர்வதை அவரால் பார்க்க முடிந்தது. நூலைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லையே பெயராகவும் வைத்தார். நம் தோலும் குடலும் இரத்தமும் நாள்தோறும் புதுப்பிக்கப்படுவது இதே முறையில்தான். காயம் ஆறும் இடத்தில் புதுமை தேவையில்லை. பழைய தோல் அப்படியே திரும்பி வந்தால் போதும்.

பிரதி எடுப்பதில் அரிதாகப் பிழை வரும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். செவ்வாழைத் தோட்டத்தில் எப்போதாவது ஒரு மரம் பச்சைக் குலை தள்ளுவதுண்டு. அது வேறு யாரோ நட்ட கன்று அல்ல. நகல் எடுக்கும்போது நேர்ந்த மாற்றம். ஆனால் அது தற்செயல். மியாசிஸ் அப்படியல்ல, மாற்றுவதையே வேலையாகக் கொண்ட பிரிதல் அது.

மியாசிஸ் நடப்பது நம் உடலில் ஓரிடத்தில்தான்: ஆணுக்கு விந்தகம், பெண்ணுக்குச் சினைப்பை. நமக்கு 46 குரோமோசோம்கள். அப்பா வழியில் வந்தவை 23, அம்மா வழியில் வந்தவை 23. அப்பா தந்த ஒன்பதாம் குரோமோசோமுக்கு அம்மா தந்த ஒன்பதாம் குரோமோசோம் ஜோடி. இரண்டிலும் அதே மரபணுக்கள் அதே வரிசையில் இருக்கும். ஆனால் எழுத்துகள் அங்கங்கே வேறுபடும். விந்தணுவும் கருமுட்டையும் சேர்ந்து மறுபடி 46 ஆக வேண்டுமென்றால் ஒவ்வொன்றும் 23 மட்டும் கொண்டுபோக வேண்டும். எந்த 23 என்றால் ஏதோ ஒரு 23 அல்ல, ஒவ்வொரு ஜோடியிலிருந்தும் சரியாக ஒன்று.

இதற்காக மியாசிஸ் ஒரே ஒரு புதிய காரியம் செய்கிறது, மற்றதெல்லாம் அதிலிருந்து பிறக்கிறது. மைட்டாசிஸில் ஜோடிகள் ஒன்றையொன்று கண்டுகொள்வதே இல்லை. அப்பாவின் ஒன்பதும் அம்மாவின் ஒன்பதும் வரிசையில் ஆளுக்கொரு இடத்தில் நிற்கும், அவ்வளவுதான். மியாசிஸில் அவை ஒன்றையொன்று தேடிப் பிடித்து, நுனி முதல் நுனி வரை பக்கத்தில் பக்கமாக ஒட்டிக்கொள்கின்றன. பிறகு நடுவில் வந்து நிற்பது ஒற்றை வரிசையாக அல்ல, ஜோடி ஜோடியாக. முதல் பிரிதலில் ஜோடி பிரிகிறது. இரட்டைப் பட்டை பிரிவதில்லை. உடனே இரண்டாவது பிரிதல் வருகிறது. அதில்தான் மைட்டாசிஸைப் போலப் பட்டைகள் பிரிகின்றன. ஒருமுறை பிரதி, இருமுறை பிரிதல். ஒரு செல் நான்காகி, ஒவ்வொன்றிலும் 23 நிற்கிறது.

ஜோடிகள் நடுவில் வந்து நிற்கும்போது எந்தப் பக்கம் பார்த்து நிற்கின்றன என்பதுதான் அடுத்த கேள்வி. ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். தாத்தாவுக்கு ஏ நெகட்டிவ் இரத்தம், பாட்டிக்கு ஓ பாசிட்டிவ். அவர்களின் மகனுக்கு ஏ பாசிட்டிவ். ஏ, பி, ஓ வகையைத் தீர்மானிக்கும் மரபணு ஒன்பதாம் குரோமோசோமில் இருக்கிறது. பாசிட்டிவா நெகட்டிவா என்பதைத் தீர்மானிப்பது ஒன்றாம் குரோமோசோமில். ஆக மகனிடம் உள்ள இரண்டு ஒன்பதுகளில் தாத்தா தந்ததில் ஏ, பாட்டி தந்ததில் ஓ. இரண்டு ஒன்றுகளில் தாத்தா தந்ததில் நெகட்டிவ், பாட்டி தந்ததில் பாசிட்டிவ்.

இப்போது இந்த மகன் ஓ நெகட்டிவ் பெண்ணை மணக்கிறார். அந்தப் பெண்ணின் கருமுட்டை எதுவானாலும் ஓ, நெகட்டிவ் என்பதைத்தான் கொண்டுவரும். பிள்ளையின் இரத்த வகை முழுக்க முழுக்க அப்பாவின் விந்தணுவைப் பொறுத்தது. ஒன்பதாம் ஜோடி எந்தப் பக்கம் திரும்பி நிற்கிறது என்பது ஒன்றாம் ஜோடிக்குத் தெரியாது. எனவே நான்கு வகை விந்தணுக்களும் ஏறக்குறைய சம அளவில் உருவாகும். ஒன்பதும் ஒன்றும் தாத்தாவுடையவை என்றால் பிள்ளை ஏ நெகட்டிவ். இரண்டும் பாட்டியுடையவை என்றால் ஓ பாசிட்டிவ். ஒன்பது தாத்தாவிடமிருந்தும் ஒன்று பாட்டியிடமிருந்தும் வந்தால் ஏ பாசிட்டிவ். மாறி வந்தால் ஓ நெகட்டிவ். நான்கும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. இதில் ஓ நெகட்டிவ் பிள்ளையைப் பாருங்கள்: அது தாத்தாவைப் போலவும் இல்லை, பாட்டியைப் போலவும் இல்லை, அப்பாவைப் போலவும் இல்லை. ஆனால் அதன் பாதியைத் தந்தது அவர்கள்தான்.

இதற்குச் சார்பின்றி ஒதுங்குதல் என்று பெயர். மெண்டல் பட்டாணியில் எண்ணிக் கண்ட விதி. அதைக் கண்ணால் பார்த்துக் காட்டியவர் அமெரிக்காவின் எலினார் கரோத்தர்ஸ். ஜோடியின் இரு குரோமோசோம்களும் ஒரே உருவத்தில் இருந்தால் எது எந்தப் பக்கம் போனது என்று யார் சொல்ல முடியும்? 1913-இல் அவர் ஒரு வெட்டுக்கிளியைப் பிடித்தார். அதன் ஒரு ஜோடியில் ஒன்று பெரிது, மற்றது சிறிது. போதாததற்கு ஆண் வெட்டுக்கிளிக்கு எக்ஸ் குரோமோசோம் ஒன்றே ஒன்றுதான், துணை கிடையாது. அது ஏதாவது ஒரு பக்கம் தனியாகப் போயாக வேண்டும். அந்த எக்ஸோடு சேர்ந்து போனது பெரியதா சிறியதா என்று செல் செல்லாக எண்ணினார். ஏறக்குறைய பாதிக்குப் பாதி வந்தது. ஒரு ஜோடி மற்றதைப் பார்த்து நடப்பதில்லை என்பதற்கு இதைவிட நேரான சாட்சி வேண்டியதில்லை.

23 ஜோடிகளும் இப்படித் தன்னிச்சையாகத் திரும்பி நின்றால் ஒரே மனிதனிடமிருந்து 83 இலட்சத்து 88 ஆயிரத்து 608 வகை விந்தணுக்கள் வர முடியும். மனைவியின் பக்கமும் அத்தனை. இரண்டையும் பெருக்கினால் ஒரு தம்பதிக்கு ஏறக்குறைய 70 இலட்சம் கோடி விதமான பிள்ளைகள் பிறக்கக்கூடும்.

ஆனால் இந்தக் கணக்கிலும் ஒரு குறை இருக்கிறது. இதன்படி பார்த்தால் ஒரு குரோமோசோம் முழுவதும் ஒரே மூட்டை. தாத்தாவின் ஒன்பதை வாங்கினால் அதிலுள்ள நூற்றுக்கணக்கான மரபணுக்களையும் மொத்தமாக வாங்கியாக வேண்டும். நல்லது ஒன்றும் கெட்டது ஒன்றும் ஒரே மூட்டையில் இருந்தால், எத்தனை தலைமுறை போனாலும் சேர்ந்தே போகும். உண்மையில் அப்படி நடப்பதில்லை. அந்த மூட்டை வழியில் அவிழ்க்கப்படுகிறது.

1955-இல் லண்டனில் ஜேம்ஸ் ரென்விக், சில்வியா லாலர் என்ற இருவர் ஓர் அரிய நோய் உள்ள குடும்பங்களை ஆராய்ந்தார்கள். அந்த நோய் உள்ளவர்களுக்கு நகங்கள், முக்கியமாகக் கட்டைவிரல் நகங்கள், குறைபட்டிருக்கும். முழங்கால் சில்லு சிறுத்திருக்கும் அல்லது இருக்கவே இருக்காது. பெற்றோரில் ஒருவரிடமிருந்து வந்தாலே போதும், பிள்ளைக்கு நோய் உண்டு. அவர்கள் கண்டுபிடித்தது, அந்த நோயும் ஏ, பி, ஓ இரத்த வகையும் ஒரே குரோமோசோமில் பயணம் செய்கின்றன என்பது.

எப்படி என்று பார்ப்போம். ஒரு குடும்பத்தில் அப்பாவுக்கு நோய் இருக்கிறது. அவருடைய ஒன்பதாம் ஜோடியில் ஒரு குரோமோசோமில் பி வகையும் நோய் மரபணுவும் இருக்கின்றன; மற்றதில் ஓ வகையும் நலமான மரபணுவும். அம்மாவுக்கு ஓ வகை, நோய் இல்லை. அப்படியானால் பி வகைப் பிள்ளைகள் நோயோடும், ஓ வகைப் பிள்ளைகள் நலமாகவும் பிறக்க வேண்டும். பெரும்பாலும் அப்படியே பிறந்தார்கள். ஆனால் சுமார் பத்தில் ஒருவர் மாறி வந்தார்: பி வகை, நோய் இல்லை, அல்லது ஓ வகை, நோய் உண்டு. (இன்னொரு குடும்பத்தில் அதே நோய் ஏ-யோடோ ஓ-வோடோ சேர்ந்திருக்கலாம். இரத்த வகை நோய்க்குக் காரணம் அல்ல, பக்கத்து வீட்டுக்காரர் மட்டுமே.)

அந்தப் பத்தில் ஒரு பிள்ளைக்கு நேர்ந்ததுதான் குறுக்கேற்றம். ஜோடிகள் ஒன்றையொன்று தேடிச் சேரும் நேரத்தில், செல் தன் டி.என்.ஏ.வைத் தானே பல இடங்களில் வெட்டுகிறது. மற்ற சமயங்களில் டி.என்.ஏ. அறுந்தால் செல்லுக்கு அது பெரிய ஆபத்து. இங்கே மட்டும் அதற்கென்றே ஒரு நொதியை வைத்துக்கொண்டு வேண்டுமென்றே வெட்டுகிறது. பிறகு அறுந்த இடத்தைச் சரிசெய்ய ஜோடியில் இருக்கும் மற்றதைப் பார்த்து எழுதுகிறது. பெரும்பாலான வெட்டுகள் அப்படியே ஒட்டப்பட்டுவிடும். சிலவற்றில் மட்டும் தாத்தாவின் பட்டையின் முனை பாட்டியின் பட்டையோடும், பாட்டியுடையது தாத்தாவுடையதோடும் மாறி ஒட்டிக்கொள்ளும். இப்போது அந்தப் பட்டை பாதி தாத்தா, பாதி பாட்டி. அப்படி ஒரு குரோமோசோம் அதற்கு முன் உலகில் இருந்ததே இல்லை.

இரண்டு மரபணுக்கள் அருகருகே இருந்தால் நடுவில் வெட்டு விழும் வாய்ப்பு குறைவு. தள்ளி இருந்தால் அதிகம். எத்தனை பிள்ளைகள் மாறி வந்தார்கள் என்று எண்ணினாலே இரண்டும் எவ்வளவு தூரம் என்று சொல்லிவிடலாம். பழ ஈயை வைத்து இந்த வழியில் முதல் மரபணு வரைபடம் போட்டவர் ஆல்ஃபிரட் ஸ்டர்டிவன்ட். மோர்கனின் ஆய்வகத்தில் மாணவராக இருந்தபோது தொடங்கிய அந்த வேலையை 1913-இல் வெளியிட்டார்.

குறுக்கேற்றத்துக்கு இன்னொரு வேலையும் உண்டு. பாடப்புத்தகங்கள் அதை ஒரு வரியில் கடந்துவிடுகின்றன. எனக்கு அதுதான் முக்கியமானதாகத் தோன்றுகிறது. மாறி ஒட்டிய இடம் ஒரு முடிச்சைப் போல ஜோடியைப் பிணைத்து வைக்கிறது. நுண்நோக்கியில் அது பெருக்கல் குறி போலத் தெரியும், கயாஸ்மா என்பார்கள். அந்த முடிச்சு இருப்பதால்தான் இரு பக்கத்து இழைகளும் இழுக்கும்போது ஜோடி விறைத்து நின்று, சரியாக எதிரெதிர்ப் பக்கம் பிரிகிறது. முடிச்சு இல்லாத ஜோடி கட்டு அவிழ்ந்த மாடு போல. இரண்டும் ஒரே பக்கம் போய்விடலாம். அதனால் ஒவ்வொரு ஜோடியிலும் குறைந்தது ஒரு முடிச்சாவது விழும்படி செல் பார்த்துக்கொள்கிறது. விந்தணு உருவாகும் செல்லில் மொத்தம் சுமார் 50 முடிச்சுகள்.

விந்தகத்தில் இந்த வேலை வயது வந்த பின் தொடங்கி நடந்துகொண்டே இருக்கும். சினைப்பையில் நடப்பது வேறு. பெண் குழந்தை தாயின் வயிற்றில் இருக்கும்போதே அதன் கருமுட்டைச் செல்கள் மியாசிஸைத் தொடங்கி, ஜோடி சேர்ந்து, குறுக்கேற்றமும் முடித்து, அப்படியே நின்றுவிடுகின்றன. பெண் வயதுக்கு வந்து, அந்த முட்டை வெளிவரும் மாதத்தில்தான் முதல் பிரிதல் முடிகிறது. இரண்டாவது பிரிதல் விந்தணு உள்ளே நுழைந்த பிறகுதான் முடியும். ஆக, உங்களை உருவாக்கிய கருமுட்டையில் அம்மாவின் பெற்றோருடைய குரோமோசோம்கள் துண்டு மாறிக்கொண்டது, உங்கள் அம்மா உங்கள் அம்மாச்சியின் வயிற்றில் இருந்த நாட்களில்.

முப்பது, நாற்பது ஆண்டுகள் அந்த முடிச்சுகள் காத்திருக்கின்றன. பட்டைகளைச் சேர்த்துப் பிடித்திருக்கும் கொஹீசின் என்ற புரதம் காலப்போக்கில் தளர்கிறது. அப்போது ஜோடி பிரியாமலோ முன்கூட்டிப் பிரிந்தோ தவறான பக்கம் போகும். 21-ஆம் குரோமோசோம் ஒன்று கூடுதலாக வந்த முட்டை கருவானால் பிள்ளைக்கு டவுன் நோய்க்குறி ஏற்படும். 1959-இல் பாரிஸில் ஜெரோம் லெஜூன் குழுவினர் 47 குரோமோசோம்களைக் காட்டி இதை அறிவித்தார்கள். தாயின் வயது 25 என்றால் ஆயிரத்துக்கு ஒன்றுக்கும் குறைவாக உள்ள இந்த வாய்ப்பு, 40 வயதில் சுமார் நூற்றுக்கு ஒன்றாகிறது. பெரிய குரோமோசோம்களில் இப்படி நேர்ந்தால் கரு பெரும்பாலும் தங்குவதே இல்லை. ஆரம்பத்திலேயே கலைந்துபோகும் கருக்களில் பாதியளவுக்கு இத்தகைய குரோமோசோம் எண்ணிக்கைப் பிழைகளே காரணம். தாய் எதைச் சாப்பிட்டாள், எங்கே போனாள் என்று வீட்டில் எழும் பேச்சுக்கு இதில் இடமே இல்லை.

இப்போது வாழைக்குத் திரும்பலாம். அதன் 33 குரோமோசோம்கள் 11 கூட்டங்கள். ஒவ்வொன்றிலும் இரண்டு அல்ல, மூன்று. மைட்டாசிஸுக்கு இதனால் ஒரு தொந்தரவும் இல்லை. அது ஜோடி பார்ப்பதில்லையே! பூவில் மியாசிஸ் தொடங்கும்போதுதான் சிக்கல். மூன்று பேரில் யார் யாரோடு ஜோடி? ஒன்று ஒரு பக்கமும் இரண்டு மறுபக்கமுமாகத்தான் பிரிய முடியும். 11 கூட்டங்களிலும் அந்த ஒற்றைகள் எல்லாம் ஒரே பக்கம் போய்ச் சேர்ந்தால்தான் கணக்கு சரியான செல் கிடைக்கும். நாணயத்தைச் சுண்டுவது போலக் கணக்குப் போட்டால், அது 1,024 முறைக்கு ஒருமுறை. மற்றவையெல்லாம் குறையும் கூடுதலுமான செல்கள். விதை பிடிக்காததற்கு இது ஒரு காரணம். மகரந்தம் சேராமலேயே காய் திரளும் குணமும் கூட இருப்பதால்தான் நமக்கு விதையில்லாப் பழம் கிடைக்கிறது. காட்டு வாழையில் இரண்டிரண்டு குரோமோசோம்கள்தான். பழம் நிறையக் கல் போன்ற விதைகள்.

நகலின் விலை நோய் வரும்போது தெரியும். ரஸ்தாளி பயிரிட்டவர்களுக்கு வாடல் நோயைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. அடி இலைகள் ஓரத்திலிருந்து மஞ்சளித்து ஒடிந்து தொங்கும், தண்டு அடியில் வெடிக்கும், கிழங்கை வெட்டினால் உள்ளே செம்பழுப்புப் புள்ளிகளும் கோடுகளும் தெரியும். மண்ணில் வாழும் ஃபியூசேரியம் என்ற பூஞ்சை அது. ஒரு மரம் அதற்குத் தாங்கவில்லை என்றால் தோட்டத்தில் எதுவும் தாங்காது, ஏனென்றால் எல்லாம் ஒரே மரம். உலகச் சந்தையை ஆண்ட குரோ மிஷெல் என்ற இரகம் 1950-களில் இப்படித்தான் வீழ்ந்தது. அதன் இடத்துக்கு வந்த கேவண்டிஷ் வகையை இப்போது அதே பூஞ்சையின் புதிய வடிவம் தாக்குகிறது. இந்தியாவிலும் அது வந்துவிட்டது. விதை வழியே பிள்ளைகள் பிறந்திருந்தால் ஆயிரத்தில் சிலதாவது தாங்கும் குணத்தோடு வந்திருக்கும். வாழையிடம் அந்தச் சீட்டுக் குலுக்கல் இல்லை. அதனால்தான் வாழை ஆராய்ச்சியாளர்கள் மரபுவளத்துக்காகக் கல் விதை நிறைந்த காட்டு வாழைகளைத் தேடிப் போகிறார்கள்.

நம்மிடம் அந்தக் குலுக்கல் ஒவ்வொரு பிள்ளைக்கும் புதிதாக நடக்கிறது. மேலே சொன்ன ஓ நெகட்டிவ் தாயை மறுபடி நினைத்துக்கொள்ளுங்கள். முதல் பிள்ளை நெகட்டிவாகப் பிறந்ததால் இரண்டாவதும் அப்படியே இருக்கும் என்று சில வீடுகளில் நினைத்துவிடுகிறார்கள். ஒன்றாம் குரோமோசோம் ஜோடிக்குப் போன முறை எந்தப் பக்கம் திரும்பினோம் என்ற நினைவு கிடையாது. இரண்டாவது பிள்ளை பாசிட்டிவாக இருக்க அதே பாதி வாய்ப்பு உண்டு. அப்படிப் பிறந்த பிள்ளையின் இரத்தம் தாயின் இரத்தத்தில் கலந்தால், தாயின் உடல் அதற்கு எதிர்ப்பொருளை உருவாக்கி, அடுத்து வரும் பாசிட்டிவ் குழந்தையின் சிவப்பணுக்களை அழிக்கத் தொடங்கும். ஆன்டி-டி ஊசி அதைத் தடுக்கிறது: கர்ப்பத்தின் 28-வது வாரத்தில் ஒருமுறை, பாசிட்டிவ் குழந்தை பிறந்தால் 72 மணி நேரத்துக்குள் இன்னொரு முறை. வீட்டில் நெகட்டிவ் இரத்தம் உள்ள பெண் கர்ப்பமாக இருந்தால், எத்தனையாவது பிள்ளையானாலும், மருத்துவரிடம் இதைத் தவறாமல் கேளுங்கள். பிறந்த ஒவ்வொரு குழந்தையின் இரத்த வகையையும் அன்றே பார்க்கச் சொல்லுங்கள்.